[கலைச்சொல்] கதை யாருடைய அறிவுக்குள் நிற்கிறது? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கயல்விழி எழுதியது:

நண்பர்களே, எடுத்துரைப்பியல் அறிமுக நூல் ஒன்றைத் தமிழாக்கி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். சொல்லடைவை வெள்ளிக்கிழமை பதிப்பாசிரியரிடம் தந்தாக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரு சொல் மட்டும் முள்ளாக நிற்கிறது: ஃபோக்கலைசேஷன்.

தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று என்ற இரண்டும் கைவசம் இருக்கின்றன. ஆனால் அவை கதையைச் சொல்வது யார் என்பதை மட்டுமே காட்டும். எனக்கு வேண்டியது, கதை யாருடைய அறிவின் வழியாக நமக்கு வருகிறது என்பதற்கான சொல். யார் பேசுகிறார், யார் பார்க்கிறார் என்று இந்த இரண்டையும் 1972இல் பிரித்துக் காட்டியவர் ழெரார் ழெனெத். நூலில் பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வருகிறது. விளக்கத்துக்காக நானே எழுதிய துண்டு இது:

> கதவு தட்டும் சத்தம். மீனா கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தாள். வெளியே யாரோ இருமினார்கள். திறந்தாள். குமரன். அவன் எதையோ மறைப்பது போலிருந்தது.

இலக்கணப்படி இது படர்க்கை. ஆனால் மீனாவுக்குத் தெரியாத எதுவும் இதில் இல்லை. மீனா இருக்கும் இடத்தில் 'நான்' போட்டு வினைமுற்றை மாற்றிப் பாருங்கள், எங்கும் இடறாது. இதைக் குறிக்க ஒரு சொல் தாருங்கள்.

செந்தில் எழுதியது:

கயல் அக்கா, இதைச் சிக்கலாக்க வேண்டுமா? தன்மை என்றால் ஒருவருக்குத் தெரிந்தது மட்டும். படர்க்கை என்றால் கதைசொல்லிக்கு எல்லாமே தெரியும். 'படர்க்கை' என்றாலே மாணவர்களுக்குப் புரிந்துவிடும். மீறி வேண்டுமானால் 'பார்வை' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இளஞ்சேரன் எழுதியது:

அன்புடையீர், 'படர்க்கை' போதும் என்று தம்பி சொல்வதால் அதன் வேரைப் பார்ப்போம். தன்மையில் 'தன்' இருக்கிறது. முன்னிலையில் முன் நிற்பவர் இருக்கிறார். படர்க்கையில் இருப்பது 'படர்'. படர்தல் செல்லுதல், பரவுதல். என்னிடமிருந்தும் உன்னிடமிருந்தும் விலகிப் படர்ந்து போன இடம் படர்க்கை. 'படர்' என்பதற்கு நினைவு, நினைந்து வருந்துதல் என்ற பொருள்களும் உண்டு. குறளின் 117ஆம் அதிகாரம் 'படர்மெலிந் திரங்கல்' அல்லவா? ஆகப் பிறர் உள்ளத்துக்குள் நினைவு படர்ந்து செல்வது என்ற கருத்து இந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னிலையையும் சேர்த்து மூன்று இடத்துக்கும் சொல் செய்ய வேண்டுமா, இரண்டுக்கு மட்டுமா என்று தெளிவுபடுத்தினால் மேலே எழுதுவேன்.

கயல்விழி எழுதியது:

ஐயா, அருமையான விளக்கம், ஆனால் நான் கேட்டது மூவிடத்துக்கான சொல் இல்லை. மூவிடம் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. என் கேள்வி அறிவைப் பற்றியது.

செந்தில், அதே துண்டில் ஒரு வரி சேர்க்கிறேன்: 'குமரனைக் கண்டதும் மீனாவின் முகம் வெளுத்தது.' இப்போது 'நான்' போட்டுப் பார். 'குமரனைக் கண்டதும் என் முகம் வெளுத்தது.' எதிரே கண்ணாடி இல்லாமல் தன் முகம் வெளுத்ததை யார் பார்ப்பார்கள்? அந்த ஒரு வரியில் கதை மீனாவை விட்டு வெளியே வந்து, எதிரில் நின்று அவளைப் பார்க்கிறது. இரண்டு வரியும் படர்க்கைதான், ஆனால் பார்க்கும் இடம் மாறிவிட்டது. 'நான்' போட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையை 1966லேயே ரோலான் பார்த் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று, 'யாரோ இருமினார்கள்' என்ற வரி. எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு அது குமரன் என்று தெரியும், அவர் 'குமரன் இருமினான்' என்றே சொல்லியிருக்கலாம். அந்த 'யாரோ' மீனாவின் அறியாமை. படர்க்கைக்குள்ளேயே எல்லாம் தெரிந்ததும் உண்டு, ஒருவருக்குத் தெரிந்தது மட்டும் வருவதும் உண்டு. அதனால்தான் 'படர்க்கை' போதவில்லை.

என் பரிந்துரை 'அறிவெல்லை'. என்ன சொல்கிறீர்கள்?

நாகராசன் எழுதியது:

இந்தப் பாடத்தை நான் சில ஆண்டுகளாக நடத்துகிறேன். கயல் சொன்ன சோதனை வகுப்பில் நன்றாக வேலை செய்கிறது. கூடவே நான் தமிழுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன்: மற்றவர் மனநிலையைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'போலிருந்தது' சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். 'குமரனுக்குப் பயமாக இருந்தது' என்று மாணவர் எழுதியிருந்தால், கதை குமரனின் தலைக்குள் தாவிவிட்டது. 'குமரனுக்குப் பயமாக இருப்பது போலிருந்தது' என்றால் இன்னும் மீனாவிடமே நிற்கிறது. கதை எழுதப் பழகுபவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். பத்தி முழுக்க மீனாவோடு வந்துவிட்டு ஒரே ஒரு வரியில் குமரனுக்குள் போய்த் திரும்புவார்கள். படிப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு குமரன் மறைப்பதில் மர்மம் இருக்காது.

ஆனால் 'அறிவெல்லை' எனக்கு ஒப்பவில்லை. மீனா கடிதத்தை மடித்து வைக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவள் அறிவுக்குள் நிற்கிறோம், ஆனாலும் அதில் ஒரு பகுதி நமக்கு வரவில்லை. எல்லை என்றால் அதற்குள் இருப்பது முழுவதும் நம்முடையது என்று ஆகிவிடும். உண்மையில் அது மேல்வரம்பு மட்டும்.

இதையே தன்மையில் எழுதினால் விளைவு வேறாகிவிடும். 'நான் கடிதத்தை மடித்து வைத்தேன்' என்று சொல்லிவிட்டு அதில் இருந்ததைச் சொல்லாமல் போனால், இவள் ஏன் மறைக்கிறாள் என்று வாசகர் கேட்பார். படர்க்கையில் அந்தச் சந்தேகம் மீனாவின் மேல் விழாது, கதை பிறகு சொல்லும் என்று காத்திருப்பார்கள். தன்மையில் கதை சொல்பவரே ஒரு பாத்திரம், அதனால் அவர் மௌனமும் ஒரு செயல். அவர் சொல்லும் தகவலும் அப்படித்தான். படர்க்கைக் கதைசொல்லி 'அன்று கதவு பூட்டியிருந்தது' என்றால் அந்தக் கதையுலகில் கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான். மீனா 'அன்று கதவு பூட்டியிருந்தது' என்று தன் வாயால் சொன்னால் அது அவளுடைய வாக்குமூலம். பொய்யாகவும் இருக்கலாம், மறதியாகவும் இருக்கலாம்.

நம்மிடம் இது புதிதும் இல்லை. அகப்பாட்டு முழுவதும் கூற்றுதான். கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாட்டில் தலைவி, 'யாரும் இல்லை, தானே கள்வன்' என்கிறாள். அவர்கள் கூடியபோது அங்கே இருந்தது ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகு மட்டும். அவன் என்ன நினைத்தான், வருவானா, மாட்டானா என்று நமக்குத் தெரியாது, ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு படர்க்கை வரி சேர்த்து அவன் மனத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டு அங்கேயே முடிந்துவிடும்.

மேரி எழுதியது:

நாகராசன் ஐயா, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், இந்தச் சொல்லுக்குப் பயன்படுமா என்று தெரியவில்லை. ஒரு சிறுகதையைத் தமிழாக்கினேன். கதை சொல்லும் 'நான்' ஆணா பெண்ணா என்று கடைசிப் பக்கம் வரை தெரியாது. தமிழில் அது சுலபமாக வந்தது, 'வந்தேன்', 'போனேன்' என்பதில் பால் இல்லையே. பிறகு இதழாசிரியர் அதைப் படர்க்கையில் மாற்றித் தரச் சொன்னார். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'வந்தான்' என்றால் ஆண், 'வந்தாள்' என்றால் பெண். 'வந்தார்' என்றால் பால் மறையும், ஆனால் மரியாதை வந்துவிடும், கதையில் வருவதோ பதினெட்டு வயது ஆள். தமிழில் படர்க்கை ஒரு வினைமுற்றிலேயே ஆளின் பாலையோ மதிப்பையோ சொல்லிவிடுகிறது. வாசகருக்கு என்ன தெரிகிறது என்று பேசும் நூலில் இது இல்லாமல் இருக்கலாமா? கதையைத் தன்மையிலேயே விட்டுவிட்டேன்.

கயல்விழி எழுதியது:

மேரி, இதை நிச்சயம் மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் சேர்க்கிறேன். மூல ஆசிரியருக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது.

நாகராசன் ஐயா, ஒப்புக்கொள்கிறேன், 'அறிவெல்லை'யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மாற்றாக எதை எடுப்பது? இன்று புதன்கிழமை.

அருள் எழுதியது:

'குவியம்' அல்லது 'குவியப்படுத்தல்'. இயற்பியல் பாடத்தில் குவியத் தொலைவு படிக்காதவர் யார்? புதுச்சொல்லே தேவையில்லை.

செந்தில் எழுதியது:

அருள், குவியத்தில் கதிர்கள் ஒரு புள்ளியில் வந்து சேரும். கயல் அக்காவின் சோதனையைச் செய்துபார்த்த பிறகு எனக்குப் புரிந்தது, இங்கே கேள்வி கதிர் எந்தப் புள்ளியில் சேர்கிறது என்பது இல்லை, எந்தக் கண்ணிலிருந்து புறப்படுகிறது என்பது. 'மீனா மீது குவியம்' என்றால் கதை மீனாவைப் பற்றியது என்றுதான் படிப்பேன். ஒரு ஆளைப் பற்றியே கதை முழுவதும் பேசிவிட்டு அவர் மனத்துக்குள் ஒரு முறைகூடப் போகாமல் இருக்கலாமே. நான் முதலில் எழுதியது தவறு. 'நோக்குநிலை'க்கு என் வாக்கு.

இளஞ்சேரன் எழுதியது:

கேள்வி இப்போது விளங்கிவிட்டது. என் சொல்: அறிவாயில். 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்ற குறளில் வாயில் என்பது புலன்களின் வழி. தொல்காப்பியத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் பன்னிருவரும் வாயில்கள்: தோழி, தாய், பாணன், அறிவர், கண்டோர் என்று நீளும். வாயில் என்பது வாய் + இல். வீட்டுக்கு வாய் அது. நாகராசன் சொன்ன சிக்கலும் இதில் தீர்கிறது, ஏனென்றால் வாயில் முழுதும் திறந்திருக்கலாம், ஒருக்களித்தும் இருக்கலாம். மீனா நமக்கு வாயில், கடிதம் அந்த வாயிலைத் தாண்டி வரவில்லை. 'நோக்கு' என்பதோ கண்ணோடு நின்றுவிடும், இருமலை எந்தக் கண் பார்த்தது?

அருள் எழுதியது:

ஐயா, பொருள் அழகாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் எழுத்தில் பார்த்த மாணவர் 'அறிவு + ஆயில்' என்று பிரித்துப் படிப்பார். முதல் வகுப்பு முழுவதும் சொல்லைப் பிரித்துக் காட்டுவதிலேயே போய்விடும். சொல்லை விளக்க ஒரு குறளும் ஒரு நூற்பாவும் வேண்டும் என்றால் அந்தச் சொல் தானாக நடக்காது.

இளஞ்சேரன் எழுதியது:

எந்தச் சொல்லும் பிறந்த அன்றே நடந்ததில்லை. 'பேருந்து' என்பதையும் யாரோ முதல் முறை படித்துத் திகைத்திருப்பார்கள்.

நாகராசன் எழுதியது:

எனக்கு 'அறிவாயில்' பிடித்திருக்கிறது. ஆனால் 'நோக்குநிலை' ஏற்கெனவே வகுப்பறைகளில் புழங்குகிறது, தேர்விலும் வருகிறது. அதிலுள்ள குறை, 'சமூகவியல் நோக்குநிலை' என்பது போலக் கருத்து நிலைப்பாட்டுக்கும் அதையே எழுதுகிறோம். அதனால் தனியாக விடாமல் 'மீனாவழி நோக்குநிலை', 'வெளி நோக்குநிலை' என்று அடை சேர்த்தால் சமாளிக்கலாம். என் வாக்கு அரைமனதோடு அதற்கே.

கயல்விழி எழுதியது:

வியாழன் இரவு. பட்டியலில் வந்ததையும் தனிமடலில் வந்ததையும் சேர்த்து நோக்குநிலைக்கு ஆறு, அறிவாயிலுக்கு மூன்று, குவியத்துக்கு ஒன்று. நூலில் 'நோக்குநிலை' என்று போடுகிறேன், அடையோடு. சொல்லடைவில் அறிவாயிலையும் மாற்றுச்சொல்லாகக் கொடுக்கிறேன். இளஞ்சேரன் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இளஞ்சேரன் எழுதியது:

பொறுத்துக்கொள்கிறேன், ஏற்கவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது இதே இருமலைப் பற்றி மீண்டும் கேட்பேன்.

மேரி எழுதியது:

கயல், ஒரு சின்ன விஷயம், அச்சுக்குப் போகும் முன். 'யாரோ இருமினார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பலர்பால் முடிவு இருப்பதால்தான் கதவுக்கு வெளியே ஆணா பெண்ணா என்று மீனாவுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. மெய்ப்பு பார்ப்பவர் ஒருமை பன்மை மயக்கம் என்று நினைத்து அதை 'இருமினான்' என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.