புதுப்பிப்பு: ரிவ்யூ இல்லாத அப்வொர்க் புரொஃபைல்

"ஒரு ரிவ்யூகூட இல்லை, ஓவர்வியூவில் என்னதான் எழுதுவது?"

இப்படி இங்கே நான் கேட்டு மூன்று வாரம் ஆச்சு. பதில் சொன்ன ஒரு அக்காவின் யோசனைப்படி ஓவர்வியூவின் முதல் இரண்டு வரியை மாற்றினேன், தேடல் பட்டியலில் அவ்வளவுதானே கண்ணில் படும். முன்பு 'கடின உழைப்பாளி, எக்செல் தெரியும்' என்றிருந்தது (இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது). இப்போது இருப்பதன் சாரம்: 'ஷாப்பிஃபையில் பொருள் பட்டியல் ஏறவில்லையா? விடுபட்ட விலை, இரட்டித்த வரிகளைச் சரிசெய்து ஏற்றத் தயாரான சிஎஸ்வி கோப்பாகத் தருகிறேன்.'

ரிவ்யூவுக்குப் பதிலாக, நானே குளறுபடி செய்து திருத்திய 200 வரிப் பட்டியலின் முன்-பின் படத்தைப் போர்ட்ஃபோலியோவில் சேர்த்து, பயிற்சிக்குச் செய்தது என்றும் எழுதிவிட்டேன், வாடிக்கையாளர் வேலை என்று பொய் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

விலையைக் குறைக்கச் சொன்ன தம்பிக்கு: குறைத்தேன், பேரம் பேசுபவர்கள்தான் வந்தார்கள். நண்பர்களிடம் ரிவ்யூ வாங்கச் சொன்னவருக்கு: நான் கேட்டது அது இல்லை, விதிமீறலும்கூட.

இதுவரை வேலைக்கு இரண்டு அழைப்பு வந்தது, அதில் ஒன்று வேலையானது. மாற்றிய முதல் இரண்டு வரியாலா, முன்-பின் படத்தாலா, தெரியவில்லை.