கேம்பஸில் தேர்வாகி ஏழு மாதம், ஆஃபர் லெட்டர் வரவில்லை. உங்களுக்கு நடந்ததா?

நிலா_ஈசிஇ
செப்டம்பரில் செலக்ட் ஆனேன். ஆடிட்டோரியத்தில் பெயர் வாசித்தார்கள். நான்கு வாரத்தில் லெட்டர் மெயிலில் வரும் என்று எச்ஆர் மேடம் சொன்னார். இது ஏப்ரல். மூன்று முறை "ஏதாவது அப்டேட் உண்டா" என்று எழுதினேன். நேற்று பஸ்ஸில் வரும்போது முதல் பதில் வந்தது: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, பொருத்தமான வாய்ப்பு இருந்தால் தொடர்புகொள்வோம்." யாரோ புதிதாக வேலை கேட்டு எழுதியதுபோல! இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனதுகூடத் தெரியவில்லை. ஒருவருக்கு ஒரு வேலைதான் என்பது எங்கள் கல்லூரி விதி. அதனால் அப்புறம் வந்த ஆறு கம்பெனிகளில் எதிலும் என்னை உட்கார விடவில்லை.

பழைய_எச்ஆர்
கேம்பஸ் ஆள்சேர்ப்பில் சில வருடங்கள் இருந்தேன். ஒரு மாணவர் இன்னும் மனதில் நிற்கிறார். ஐந்து மாதம் லெட்டர் வரவில்லை என்று எழுதியிருந்தார். பதிவெண், தேர்வு நடந்த தேதி, பதவி எல்லாம் ஒரே மெயிலில் இருந்ததால் இரண்டே நிமிடத்தில் தேடிவிட்டேன். லெட்டர் டிசம்பரிலேயே போயிருக்கிறது. கல்லூரி அனுப்பிய எக்செல்லில் அவர் மெயில் முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஏற்றுக்கொள்ள ஏழு நாள் கெடு, அதுவும் முடிந்து 'பதில் இல்லை' என்று மூடிவிட்டார்கள். திரும்பத் திறக்க நான் மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

நிலா, கேம்பஸுக்கு வருபவர்கள் வேறு, லெட்டர் வெளியிடுபவர்கள் வேறு. பொது முகவரிக்கு "அப்டேட்" என்று வந்தால் வழக்கமான பதிலைத் தட்டிவிடுவார்கள். ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்:

"செப்டம்பர் 14 அன்று எங்கள் கல்லூரியில் நடந்த தேர்வில், இந்தப் பதவிக்குத் தேர்வானேன். என் பதிவெண் இது. நீங்கள் கல்லூரிக்கு அனுப்பிய பட்டியலை இணைத்துள்ளேன். என் பெயரில் ஆஃபர் லெட்டர் வெளியாகிவிட்டதா? ஆகியிருந்தால் எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? இல்லையென்றால் ஏப்ரல் 20க்குள் நிலையைத் தெரிவியுங்கள். வேறு நிறுவனத் தேர்வுகளில் கலந்துகொள்ள நான் கல்லூரியிடம் அனுமதி கேட்க வேண்டும்."

கேம்பஸுக்கு வந்தவருக்கே அனுப்பி, பிளேஸ்மென்ட் அதிகாரியை நகலில் வையுங்கள். கல்லூரியின் பெயர் கண்ணில் பட்டால் பதில் சீக்கிரம் வரும். அடுத்த வருடமும் அவர்கள் அந்த வாசலுக்கு வர வேண்டுமே.

நேர்வழி
இவ்வளவு பணிவு எதற்கு? தேர்வுப் பட்டியல் மெயிலே ஒப்பந்தம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 10ஏ படி மின்னணு ஒப்பந்தம் செல்லும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

பழைய_எச்ஆர்
மெயில் வழியாக ஒப்பந்தம் செய்யலாம், சரி. ஆனால் அந்தப் பட்டியலில் சம்பளம் உண்டா, சேரும் தேதி உண்டா? கல்லூரிக்குப் போன பெயர் வரிசை அது. மாணவி கையெழுத்துப் போட அதில் என்ன இருக்கிறது?

நேர்வழி
அந்த வரிசையை நம்பித்தானே ஆறு கம்பெனியை விட்டார்? அந்த இழப்புக்கு யார் பொறுப்பு? அதைச் சொல்லுங்கள்.

காத்திருந்தவன்
எனக்கும் இதேதான். ஆஃபர் லெட்டர் வந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பி, பதினொரு மாதம் சேரும் தேதி வரவில்லை. தினமும் ஸ்பேம் வரை பார்ப்பேன். பக்கத்து வீட்டில் கேட்பார்களே என்று அம்மா நான் வெளியூரில் வேலையில் இருப்பதாகவே சொல்லிவைத்திருந்தார். அந்தப் பதினொரு மாதமும் பகலில் நான் வாசல் பக்கம் போகவில்லை.

சுமதி_அக்கா
தம்பி, உனக்கு லெட்டராவது வந்தது. நிலாவுக்கு அதுவே இல்லை. நிலா, ஒன்று கவனம்மா. இப்படிக் காத்திருந்த என் தங்கைக்கு "லெட்டர் தயார், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் கட்டுங்கள்" என்று ஒரு மெயில் வந்தது. முகவரியில் கம்பெனிப் பெயர் இருந்தது, ஆனால் @ குறிக்குப் பின்னால் gmail.com. பணம் கேட்டால் உடனே பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் காட்டு.

நிலா_ஈசிஇ
எச்ஆர் அக்கா சொன்ன மாதிரியே எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் பதில்: "உங்கள் கல்லூரிக்கு இன்னும் யாருக்கும் லெட்டர் வெளியிடவில்லை, தேதி இப்போது சொல்ல இயலாது." என் முகவரி சரியாகத்தான் இருக்கிறதாம். அந்த மெயிலை அச்செடுத்து பிளேஸ்மென்ட் சாரிடம் கொடுத்தேன். எங்கள் பட்டியலில் இருந்த பதினேழு பேரும் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார். பதினான்கு பேர் போட்டாயிற்று. மூன்று பேர், கம்பெனிக்குத் தெரிந்தால் பெயரை நீக்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். அடுத்த கம்பெனி வெள்ளிக்கிழமை வருகிறது.

அப்படி யாரையாவது நீக்கியதைப் பார்த்திருக்கிறீர்களா, எச்ஆர் அக்கா?

பழைய_எச்ஆர்
நான் இருந்தவரை பார்த்ததில்லை. மற்ற இடங்களுக்கு நான் உறுதி தர முடியாது. பதினான்கு பேர் கையெழுத்தோடு இன்றே கொடுத்துவிடுங்கள், வெள்ளி வரை வைத்திருக்க வேண்டாம்.