சப்ளையர் ஒப்பந்தங்களிலிருந்து 3 பிரிவுகளைப் பிரித்தெடுக்க உதவி தேவை

வணக்கம். எங்கள் கொள்முதல் பிரிவில் 64 சப்ளையர் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஃபோர்ஸ் மஜூர், தகராறுத் தீர்வு, காரணம் சொல்லாமல் விலகும் உரிமை ஆகிய மூன்றையும் ஒரே எக்செல் தாளில் ஆபத்து வாரியாகக் காட்ட வேண்டும்.

முதல் இரண்டும் பெரும்பாலும் தனித் தலைப்பில் கிடைத்துவிடுகின்றன. மூன்றாவதுதான் ஒளிந்துகொள்கிறது. வார்ப்புப் பாகங்கள் தரும் ஒருவரின் ஒப்பந்தத்தில் ‘முடிவுறுத்தல்’ பிரிவு முழுக்க ஒப்பந்த மீறலைப் பற்றியே பேசுகிறது. அதை நம்பி ‘இல்லை’ என்று குறித்துவிட்டேன். பிறகு பார்த்தால், ‘கால அளவு’ பிரிவின் கடைசி வரியில், எந்தத் தரப்பும் காரணம் கூறாமல் 90 நாள் அறிவிப்பில் விலகலாம் என்று இருக்கிறது. பின்னால் வந்த திருத்த ஒப்பந்தம் அதை 30 நாளாகக் குறைத்திருக்கிறது. மாற்று சப்ளையரின் அச்சைத் தயாரித்து மாதிரியைச் சோதிக்கவே எங்களுக்கு நான்கு மாதம் ஆகும். எனவே இது சிவப்பு.

இப்போது ‘காரணம் கூறாமல்’ என்ற பொருள்தரும் தொடர்களைத் தேடுகிறேன். ஸ்கேன் செய்த பழைய பிரதிகளில் அதுவும் தவறுகிறது. மூல ஒப்பந்தம், திருத்தம், கொள்முதல் ஆணையின் பின்பக்க நிபந்தனைகள் மூன்றும் முரண்பட்டால், தாளில் எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? செய்தவர்கள் தங்கள் தாளின் நெடுவரிசைத் தலைப்புகளைப் பகிர முடியுமா?