கண்காணிப்பா, மேற்பார்வையா? குழந்தைகளின் காணொளிச் செயலிக்கான சொற்கள்

மீனா:
வணக்கம். ஒரு காணொளிச் செயலியின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். Supervised profile என்பதற்குக் 'கண்காணிக்கப்படும் சுயவிவரம்' என்று போட்டிருக்கிறார்கள். குழந்தையைப் போலீஸ் பின்தொடர்வது போல இருக்கிறது. 'மேற்பார்வைச் சுயவிவரம்' என்றால் சரியா? அப்புறம், Pause watch history பொத்தானில் 'பார்வை வரலாற்றை இடைநிறுத்து' என்று இருக்கிறது. அதுவும் உறுத்துகிறது.

சுந்தர்:
மேற்பார்வைக்கு என் ஓட்டு. இடைநிறுத்து இருக்கட்டுமே. ஓடும் வீடியோவை நிறுத்தவும் அதே சொல்தான், எல்லோருக்கும் பழகிவிட்டது.

அன்வர்:
பழகியதால்தான் நான் ஏமாந்தேன். என் மகளுக்கு ஏழு வயது. பொம்மை டப்பாவைப் பிரித்துக் காட்டும் வீடியோவாகவே வந்துகொண்டிருந்தது. அது ஒழியட்டும் என்று இடைநிறுத்தை அழுத்தினேன். இரண்டு வாரம் ஆகியும் முகப்பில் அதே பொம்மைகள். சரி, என்னதான் பார்க்கிறாள் என்று வரலாற்றைத் திறந்தால் அந்த இரண்டு வாரமும் காலி. அவள்தான் அழித்துவிட்டாள் என்று திட்டிவிட்டேன். பாவம்.

கோதை:
அன்வர், அந்தப் பொத்தான் புதிதாகப் பதிவதை மட்டும்தான் நிறுத்தும். பழைய பதிவுகள் அப்படியே கிடக்கும், பரிந்துரைகளும் அவற்றை ஒட்டியே வரும். இடையில் அவள் வேறு எதையாவது விரும்பிப் பார்த்திருந்தாலும் செயலி அதைக் கணக்கில் எடுக்காது, உங்களுக்கும் தெரியாது. உங்களுக்குத் தேவைப்பட்டது Clear watch history. அதை அழுத்திவிட்டு, பதிவைத் திரும்ப ஓடவிட்டு, தொல்லை தரும் சேனல்களைத் தடுக்க வேண்டும். தடுக்காமல் அழித்தால் மட்டும் போதாது, இரண்டு பொம்மை வீடியோ பார்த்ததும் பழையபடி ஆகிவிடும். நிறுத்திவைப்பது எதற்கென்றால், ஒரு மாலை மட்டும் வேறு யாராவது அவளுடைய டேப்லெட்டில் பார்க்கும்போது அது அவள் கணக்கில் சேராமல் இருக்க. ஆகவே என் பரிந்துரை: 'பார்த்தவற்றைப் பதியாதே', 'பார்த்தவற்றை அழி'.

சுந்தர்:
ஒப்புக்கொள்கிறேன். வயது வடிகட்டியை 'வயதுத் தணிக்கை' எனலாமே? யூடியூபில் 9+ வைத்தால் அந்த வயதுக்கு ஆகாதது எதுவும் வராதே.

கோதை:
பாதி சரி. யூடியூபில் Explore என்ற நிலை 9 வயது முதல், Explore more என்ற நிலை 13 வயது முதல். ஆனால் தணிக்கை என்றால் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து வெட்டியதாகப் பெற்றோர் நினைப்பார்கள். இங்கே பெரும்பாலும் இயந்திரம் பிரிக்கிறது, சிலது நழுவி வரும். வடிகட்டியில் தூசு கொஞ்சம் இறங்கத்தானே செய்யும்? அந்தச் சொல்லே பொருத்தம்.

மீனா:
'பதியாதே', 'அழி', 'வடிகட்டி' மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். சுயவிவரம்தான் இன்னும் இடிக்கிறது. 'கணக்கு' என்றும் மாற்ற முடியாது, இந்தச் செயலியில் ஒரே கணக்குக்குள் நாலைந்து பேருக்குத் தனித்தனியாக வைக்கலாம்.

அன்வர்:
'மேற்பார்வை'யை மகளிடம் படித்துக் காட்டினேன். "யார் மேலேயிருந்து பார்க்கிறாங்க?" என்று கூரையைப் பார்க்கிறாள்.