ஸ்கிரீன்ஷாட்டின் மேல்விளிம்பில் தெரிந்த ஒரு வரி: தோழிக்கு நான் எழுதிய செய்தி

தக்கலைக்காரி:
கல்லூரித் தோழிகள் ஆறு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. திற்பரப்பு அருவிக்குப் போவதற்காக ஐந்து பேர் மட்டும் தனிக்குழு தொடங்கினோம். ஆறாமவளின் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவளால் வர முடியாது, கேட்டால் சங்கடப்படுவாள் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம்.

ஒருத்தி ஏதோ புடவையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிய குழுவில் போட்டாள். படத்தின் உச்சியில், அந்த நொடியில் வந்த அறிவிப்பும் பதிந்திருந்தது: ‘திற்பரப்பு 5 பேர்: வேன் காலை 7 மணிக்கு’. விடுபட்டவள் ‘நிறம் நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினாள். பிறகு பேச்சில்லை.

அன்றிரவு நான் முதலில் தட்டிய செய்தி இது: ‘தப்பாக நினைக்காதே. அப்பாவுக்கு முடியாததால் நீ வரமாட்டாய் என்று நினைத்தோம். அதனால் விட்டுப்போய்விட்டது.’ அனுப்புமுன் படித்துப் பார்த்தேன். முதல் வாக்கியம், அவள் தப்பாக நினைக்கிறாள் என்கிறது. இரண்டாவது, நோயாளியான அப்பாவின்மேல் காரணத்தைப் போடுகிறது. மூன்றாவதுதான் மோசம். பஸ்ஸில் குடை விட்டுப்போகலாம், ஆள் விட்டுப்போவாளா? விட்டது நாங்கள்.

அழித்துவிட்டு, அவளுக்குத் தனியாக இதை அனுப்பினேன்:

‘புடவைப் படத்தின் மேலே இருந்ததை நீ பார்த்திருப்பாய். திற்பரப்புக்குப் போக நாங்கள் ஐந்து பேர் பேசினோம். உன்னைக் கேட்கவில்லை. கேட்காமல் முடிவெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வருவதா வேண்டாமா என்பது நீ சொல்ல வேண்டியது, அதை நாங்கள் சொல்லிக்கொண்டோம். உடனே பதில் எழுத வேண்டாம். செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வரட்டுமா?’

படம் போட்டவளின் பெயரை எடுக்கவில்லை. நீல டிக் விழுந்து ஒரு நாள் ஆகிறது.

வடசேரி அண்ணன்:
படத்தை உடனே எல்லோருக்குமாக நீக்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, தங்கச்சி. அவள் கவனித்திருக்கவே மாட்டாள்.

குளச்சல்காரன்:
யாரும் பார்க்குமுன் நீக்கினால் அண்ணன் சொல்வது சரி. இங்கே அவள் பதிலே எழுதிவிட்டாள். நீக்கிய இடத்தில் நீக்கியதற்கான குறிப்பு வேறு நிற்கும். மறைத்ததைக் கண்டவளுக்கு, மறைத்ததை மறைப்பதையும் காட்டுவதாகிவிடும்.

மார்த்தாண்டம் மருமகள்:
உங்களை விட்டுவிட்டுப் போனவர்களிடம் நீங்கள் ஏன் இவ்வளவு தணிந்து எழுத வேண்டும்? எனக்கும் நடந்தது. நாத்தனார்கள் எல்லோரும் முட்டம் கடற்கரைக்குப் போவதாகப் பேசியது ஒரு படத்தில் தெரிந்தது. ‘என்னை ஒதுக்கிவிட்டீர்களே’ என்று எழுதவில்லை. ‘படத்தைப் பார்த்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது. காரணம் சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்’ என்றேன். மூத்தவர் மட்டும் போன் செய்தார்.

தக்கலைக்காரி:
அக்கா, விடுபட்டவள் நான் இல்லை, விட்டவர்களில் ஒருத்தி. ஆனாலும் உங்கள் வரிகள் எனக்குப் பயன்படும். நீங்கள் கண்டதையும் உங்கள் மனதில் பட்டதையும் மட்டும் சொன்னீர்கள், அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நீங்களே எழுதவில்லை. நாங்கள் அவளுக்குச் செய்தது அதைத்தான்.

குழித்துறை டீச்சர்:
மன்னிப்பு என்ற சொல்லே இல்லாமல் எழுதியது எனக்குப் பிடித்தது. ‘மன்னித்துவிடு’ என்றால், ‘பரவாயில்லை’ என்று சொல்லும் வேலை அவள் தலையில் விழும். ‘எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று நீ கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் இல்லை. ஆனால் மகளே, அந்தக் கடைசி வரி வேண்டாம். பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டு உடனே கேள்வி கேட்கிறாய். ‘வரட்டுமா’ என்றால் அவள் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? இரண்டு நாள் கழித்துத் தனியாகக் கேட்டிருக்கலாம்.

குளச்சல்காரன்:
வேனில் ஓர் இடம் இருக்கிறது, நீயும் வா என்று எழுதியிருந்தால்?

குழித்துறை டீச்சர்:
படத்தில் மாட்டிக்கொண்டதால் கிடைத்த அழைப்பு என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த பயணத்தை அவளிடமிருந்து தொடங்கலாம். நாளும் இடமும் அவள் சொல்லட்டும்.

வடசேரி அண்ணன்:
நான் அப்படி நினைக்கவில்லை. தாமதமான அழைப்பும் அழைப்புதான். வேண்டாம் என்றால் அவள் சொல்லட்டும்.

தக்கலைக்காரி:
டீச்சர் சொன்ன பிறகுதான் அந்த முரண் எனக்குத் தெரிந்தது. பயணம் எப்படியோ போயிற்று. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்ததால் அருவியில் குளிக்கத் தடை. கோயில் வாசலில் நின்று, சாயா குடித்துத் திரும்பினோம்.

இன்று காலை அவளிடமிருந்து பதில் வந்தது: ‘செவ்வாய் அப்பாவுக்கு டயாலிசிஸ். புதன் வா.’ அருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதன்கிழமை அவளாக எடுத்தால் பேசலாம் என்று இருக்கிறேன். எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.