பொருள்: சங்க் அன்லோடு – 'இறக்கு' சரிவருமா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:
வணக்கம். திறந்த உலக விளையாட்டு செய்யக் கற்றுத்தரும் கையேட்டை வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். ஆட்டக்காரர் நடக்க நடக்க உலகம் சங்க் சங்க்காகப் பின்னணியில் ஏறும், கடந்தவை நினைவகத்தை விட்டுப் போகும். சங்க்குக்குத் 'துண்டம்', லோடுக்கு 'ஏற்று' என்று வைத்தேன். அன்லோடுக்கு 'இறக்கு' போட்டால் படிப்பவர்கள் டவுன்லோடு என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
துண்டம் மீன் கடைச் சொல். 'பாத்தி' இருக்கிறதே! "வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று" (குறள் 718). 'பகு' என்னும் வேரில் பிறந்தது. பாத்தியதையும் அதில் வந்ததுதான். மடை திறந்தால் ஏற்றம், மடை அடைத்தால் அன்லோடு.

இன்னொருவர்:
பாத்தியதை வடசொல் ஐயா. அது கிடக்கட்டும், என் வீட்டிலும் ராத்திரி படம் பார்க்கும்போது சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஸ்ட்ரீமிங்குக்குத் 'தாரை' என்று வைக்கலாமே?

விளையாட்டு நிரலர்:
அது வீடியோ அண்ணா, இது வேறு. ஐயா, மடையை அடைத்தாலும் பாய்ந்த நீர் பாத்தியில்தானே நிற்கும்? இங்கே நினைவகம் காலியாக வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டக்காரரைச் சுற்றி எட்டுத் துண்டம் தொலைவு வரை ஏற்றினோம், அதைத் தாண்டியதும் உடனே நீக்கினோம். ஒருவர் துண்டத்தின் எல்லைக்கோட்டில் நின்று முன்னும் பின்னும் ஆடினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முழு வரிசை, நடுவில் ஒன்றும் இருபுறம் எட்டெட்டுமாக 17 துண்டங்கள் ஏறின, எதிர்ப்பக்கம் 17 போயின. கோப்பைப் படிப்பது பின்னணி இழையில்தான். ஆனால் படித்ததைக் காட்சியில் சேர்ப்பது முதன்மை இழையின் வேலை, ஒன்றுக்கு 4 மில்லிநொடி. பதினேழும் ஒரே பிரேமில் விழுந்தால் 68. ஒரு பிரேமுக்கு இருப்பதோ 16.6. படம் வெட்டி நின்றது.

இப்போது பிரேமுக்கு ஒன்றுதான் சேர்க்கிறோம். அருகில் இருப்பதற்கும் ஓடும் திசையில் இருப்பதற்கும் முன்னுரிமை. நீக்குவது பத்துத் துண்டம் தாண்டிய பிறகே, அதையும் சிறிது சிறிதாக. ஆட்டக்காரர் மாற்றிய துண்டத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் போகவிட வேண்டும். அதனால் 'விடுவி' என்கிறேன்.

மொழிபெயர்ப்பவர்:
அந்த வெட்டலுக்கு 'திக்கல்' போடலாமா?

கல்லூரி ஆசிரியை:
திக்குவாய் உள்ள மாணவர் வகுப்பில் இருக்கிறார், வேண்டாம் தம்பி. பிள்ளைகள் 'லேக்' என்கிறார்கள், அது பெரும்பாலும் வலைத் தாமதம். 'தடக்கல்' போடுங்கள். துண்டம், விடுவி இரண்டுக்கும் என் ஓட்டு.

தமிழாசிரியர்:
விடுவித்தல் சிறையிலிருந்து. நீர் நின்றால் வடிகால் வெட்டு! 'வடி' என்று போடு.

மொழிபெயர்ப்பவர்:
துண்டம், ஏற்று, விடுவி, தடக்கல். இப்படியே அனுப்புகிறேன். ஐயாவின் 'வடி' அடுத்த பதிப்பில்.

தமிழாசிரியர்:
அடுத்த பதிப்பு எப்போது?