மெதுவாக உருளும் சக்கரம்: ‘அலைவுக்கால முறை’யா, ‘இடைநேர முறை’யா?

திருப்பூர், பின்னலாடைப் பட்டறையிலிருந்து

வணக்கங்க. துணிச்சுருள் ஏற்றிப் போகும் தானியங்கி வண்டிக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். சக்கர அச்சில் இருக்கும் என்கோடர் ஒரு சுற்றுக்கு 400 துடிப்பு தருகிறது. சக்கரத்தின் சுற்றளவு 47 செ.மீ. மெஷினை ஒட்டி நிற்கப் போகும்போது வண்டி நொடிக்கு 4.7 செ.மீ. தான் நகரும். 10 மில்லிநொடிக்கு ஒரு தடவை துடிப்புகளை எண்ணினால் வேகம் 0, 0, அப்புறம் திடீரெனக் கிட்டத்தட்ட 12 செ.மீ. என்று வருகிறது. சக்கரம் சீராகத்தான் உருளுகிறது, கணக்குதான் குதிக்கிறது. அதை நம்பி மோட்டாரும் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஆகவே இரண்டு துடிப்புக்கு நடுவே ஆகும் நேரத்தை அளந்து பார்க்கிறோம். முதலாவதற்கு ‘எண்ணிக்கை முறை’ என்று வைத்துவிட்டேன். இரண்டாவதை ‘அலைவுக்கால முறை’ எனலாமா?

ஈரோடு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

பாடப்புத்தகத்தில் உள்ள சொல், தாராளமாக எழுதுங்கள் தம்பி. ஆனால் முறையை மாற்றவே தேவையில்லையே. எண்ணும் நேரத்தை 250 மில்லிநொடியாக நீட்டினால் 10 துடிப்பு கிடைக்கும், குதிப்பு அடங்கிவிடும்.

கோவை கணபதி, மோட்டார் பட்டறை

எங்க பம்ப் மோட்டார் நிமிஷத்துக்கு 2880 சுற்று ஓடுது. அதே 400 துடிப்பு என்கோடர்தான் மாட்டிச் சோதிக்கிறோம். எண்ணித்தான் பார்க்கிறோம், ஒரு குறையும் இல்லீங்க. உங்க என்கோடர்ல கோளாறு இருக்கும், மாத்திப் பாருங்க.

பீளமேடு, கன்ட்ரோலர் நிரல் எழுதுபவர்

கணபதி அண்ணாவுக்கு எண்ணுவதுதான் சரி. அவருக்கு 10 மில்லிநொடியில் 192 துடிப்பு வருகிறது; ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அரை சதவீதம்தான் பிசகும். அவரே இடைவெளியை அளந்தால் அது 52 மைக்ரோநொடி. ஒரு மைக்ரோநொடி கடிகாரத்தில் 2 சதவீதம் பிசகும். திருப்பூர் வண்டியில் இது அப்படியே தலைகீழ். இடைவெளி 25 மில்லிநொடி, அதாவது கடிகாரத்தில் 25,000 எண்ணிக்கை. எண்ண 10 மில்லிநொடி, கடிகாரத்துக்கு ஒரு மைக்ரோநொடி என்ற இந்த இரண்டு அளவுகளையும் வைத்தால், நொடிக்கு 10,000 துடிப்பு வரும் இடத்தில் இரு முறைகளின் பிசகும் ஒன்றுக்கொன்று சமம்.

ஐயா சொன்னபடி நேரத்தை நீட்டினால் குதிப்பு குறையும்தான். ஆனால் 10 துடிப்பில் ஒன்று என்பது இன்னும் 10 சதவீதப் படி. தவிர, கால் நொடிக்கு முந்தைய செய்தியும் அதில் கலந்திருக்கும். நிற்கப் போகும் வண்டிக்கு அது பழங்கதை.

சொல்லுக்கு வருகிறேன். ‘அலைவுக்காலம்’ எனக்கு ஒத்துவரவில்லை. ஊசல் போல ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருவதுதான் அலைவு. இங்கே அடுத்த துடிப்பு வராமலே போகலாம். வண்டி நின்றுவிட்டால் கடைசியாக அளந்த 25 மில்லிநொடி அப்படியே தங்கி, வேகம் 4.7 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் முடிந்துபோன இடைவெளிக்கு ‘இடைநேரம்’ என்றும், கடைசித் துடிப்புக்குப் பின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் ‘காத்திருப்பு நேரம்’ என்றும் இரண்டு பெயர் வேண்டும். நிரலில் இரண்டில் பெரியதை எடுக்கிறோம்:

```
dt = max(last_gap, now - last_tick)
v = cm_per_tick / dt
```

50 மில்லிநொடி துடிப்பே இல்லையென்றால் வேகம் பாதியாகும், கால் நொடி ஆனால் பத்தில் ஒரு பங்காகும். இந்த வகுத்தல் ஒருநாளும் பூச்சியத்தைத் தொடாது. அரை நொடி தாண்டினால் நின்றுவிட்டது என்று நாமாக வெட்டிவிட வேண்டும்.

திருப்பூர்

நன்றிங்க அக்கா, நின்ற பிறகும் வேகம் காட்டியது இதனால்தானா! ஆனால் ஓடும்போது இடைநேரம் 21, 29, 21, 29 என்று மாறி மாறி வருகிறது. வேகமும் 5.6க்கும் 4.1க்கும் நடுவே ஆடுகிறது. இதற்கும் ஏதாவது பெயர் உண்டா?

பீளமேடு

சக்கரம் ஆடவில்லை. என்கோடர் தட்டின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒளி விழும்போது ஒரு துடிப்பும் மறையும்போது ஒரு துடிப்பும் வருகிறது; ஒளி விழும் நேரமும் மறையும் நேரமும் சமமாக இல்லை, அவ்வளவுதான். வரிசை மாறாமல் இப்படித் திரும்பி வந்தால் காரணம் அதுதான் என்று கண்டுகொள்ளலாம். கடைசி ஐந்து துடிப்புகளின் நேரத்தைக் குறித்துவைத்து, புதியதிலிருந்து பழையதைக் கழியுங்கள். இரண்டு முழுக்கோடுகள் கடந்துவிடும், கூட்டினால் எப்போதும் 100 வரும். துடிப்புக்குத் துடிப்பு புது விடை கிடைக்கும், ஆனால் விடை ஏறக்குறைய 50 மில்லிநொடி பழையது. அந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாதவர்கள் நல்ல என்கோடர்தான் வாங்க வேண்டும்.

ஈரோடு

இடைநேரத்தை ஒப்புக்கொள்கிறேன். ‘காத்திருப்பு’ பஸ் ஸ்டாண்டு போல இருக்கிறதே அம்மணி. ‘வாரா நேரம்’ எப்படி?

கணபதி

காத்திருப்புன்னாத்தான் எங்க பசங்களுக்குப் புரியும் சார். அது கிடக்கட்டும், எண்ணிக்கையும் நேரமும் சேர்த்து அளக்கிற மீட்டர் ஒண்ணு இருக்குதே, அதுக்கு என்ன பேர் வைக்கிறது?

பீளமேடு

அந்த முறையில் கடிகாரம் எண்ணி முடிக்கச் சொன்ன இடத்தில் நிறுத்தாமல், போன தடவையின் கடைசித் துடிப்பிலிருந்து இந்தத் தடவையின் கடைசித் துடிப்பு வரை நேரத்தை எடுத்து, நடுவே வந்த துடிப்புகளை அதனால் வகுப்பார்கள். மெதுவிலும் வேகத்திலும் ஒரே வகுத்தல் போதும். ‘எண்ணிக்கை-இடைநேர முறை’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.